விலையைக் கடைசியில் பார்ப்பவர்

எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி ஓர் அக்கா, வீட்டு முன்னறையிலேயே குழந்தைத் துணிக் கடை நடத்துகிறார். ஏற்றுமதியில் மிஞ்சும் துணிகளை லாட் லாட்டாக விற்கும் ஓர் இணையதளத்தில்தான் சரக்கெடுப்பார். மூன்று வருடம் ஒழுங்காக வாங்கியதால், புதுச் சரக்கை மற்றவர்களுக்கு ஒரு நாள் முன்பே பார்க்கும் சலுகையை அவர் கணக்குக்குக் கொடுத்திருந்தார்கள். நல்ல லாட் எல்லாம் அந்த ஒரு நாளில்தான் அவருக்குக் கிடைக்கும். அதைக் கெடுத்தவன் நான்.

எங்கள் பனியன் ஊரின் ராயபுரத்தில், லேபிள் அடிக்கும் கடைக்கு மேலே என் ஆபீஸ். பனியன் வியாபாரிகளுக்காக இணையதளங்களில் மற்றவர்கள் போடும் விலைகளை, தானாக ஓடும் ஸ்கிரிப்ட் ஒன்றை வைத்து அள்ளிக் கொடுப்பது பிழைப்பு. ஒரு வியாபாரி, அக்கா வாங்கும் அதே தளத்தின் விலைகளை மணிக்கொரு தரம் கேட்டார். அப்படி அள்ளக் கூடாது என்று தளத்தின் விதிகளில் இருந்தது. படித்தேன், மறந்தேன். எனக்கு வசதியான ஞாபகசக்தி.

என் சர்வரிலிருந்து போனபோது ஒரு மணி நேரத்தில் கதவைச் சாத்தினார்கள். அதனால் ரெசிடென்ஷியல் ப்ராக்ஸி வாங்கினேன். நாட்டில் யார் யார் வீட்டு இணைப்பு வழியாகவோ நம் ஸ்கிரிப்ட் போய்வரும். ஒவ்வொரு தடவையும் வேறு வீடு, வேறு முகவரி. இந்தூரில் ஒரு குடும்பம், பாட்னாவில் ஒரு குடும்பம். ஏதோ இலவச ஆப்பில் எதையோ ‘சரி’ என்று அமுக்கியவர்களாக இருப்பார்கள். அவர்களை நினைத்தும் அப்போது என் தூக்கம் கெடவில்லை.

பத்து நாள் ஓடியது. பிறகு வெற்றுப் பக்கங்களாக வந்தன. குடைந்து பார்த்தபோதுதான் புரிந்தது. முகவரி ஆயிரம், நடை ஒன்று. நாலு நொடிக்கொரு பக்கம், முதலிலிருந்து கடைசிவரை வரிசையாக, ஒரு படம்கூட இறக்காமல், திரையை உருட்டாமல். போதாக்குறைக்கு ஒரே வருகையின் நடுவில் ஊர் மாறிக்கொண்டிருந்தது. தினம் ஒரு சட்டையில் வந்தாலும் ஆளை நடையில் பிடித்துவிடலாம் அல்லவா?

சரி, மனித நடையைக் கொடுப்போம் என்று கெட்டிக்காரத்தனம் வந்தது. அக்காவை என் லேப்டாப்பில் உட்காரவைத்து, அவர் கணக்கில் நுழைந்து சரக்குப் பார்க்கச் சொன்னேன். உருட்டுவது, தயங்குவது, தொடுவது எல்லாம் பின்னால் பதிவாகிக்கொண்டிருந்தது.

“ஏனுங்க தம்பி, நான் பாக்கறதுல என்ன இருக்குதுங்க?” என்றார்.

“சும்மா ஒரு டெஸ்ட்டுங்க்கா.”

முதலில் சைஸ் பட்டியல். அடுத்து படத்தைப் பெரிதாக்கித் தையல். பிறகு துணியின் கனம். விலை கடைசியில்தான். “வெலையப் பாத்துட்டா கண்ணு மங்கீருமுங்க. மொதல்ல துணியத்தான் பாக்கோணும்” என்று விளக்கமும் சொன்னார்.

அந்தப் பதிவை, என் லேப்டாப்பின் அடையாளத்தோடு, அப்படியே ஸ்கிரிப்டில் போட்டேன். ஒரு வருகை முடியும்வரை ஒரே முகவரி நிற்கும்படியும் மாற்றினேன். இரண்டு வாரம் விலைகள் கொட்டின. வியாபாரி என்னைப் புகழ்ந்தார், நானும் நெளிந்துகொண்டே கேட்டேன்.

மூன்றாம் வாரம் எல்லாம் நின்றது. எந்த மனிதரும் ஒரே இடத்தில் அதே அளவு நொடி ஆயிரம் தடவை தயங்க மாட்டார். இந்தூரும் பாட்னாவும் ஒரே விரலால் தையலைப் பெரிதாக்கினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? அதே தயக்கம், அதே லேப்டாப்பின் அடையாளத்தோடு, ஒரே ஒரு உண்மையான கணக்கிலும் இருந்தது. அக்காவின் கணக்கை மூடிவிட்டார்கள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று என்னிடமே வந்தார். பள்ளிக்கூடம் திறக்கும் சமயம், கடையில் சரக்கில்லை. முறையீட்டுப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். ‘இக்கணக்கில் தானியங்கிக் கருவி எதுவும் பயன்படுத்தப்பட்டதா?’ என்று ஒரு கேள்வி. பக்கத்தில் அவர் உட்கார்ந்திருக்க, அவர் பெயரில், ‘இல்லை’ என்று தட்டினேன். ‘ஆம், அது என் வேலை’ என்று எழுதியிருந்தால் ஒருவேளை திறந்திருப்பார்கள். அந்த வியாபாரியும் ஆபீஸும் போயிருக்கும். கணக்குப் போட்டுத்தான் எழுதினேன் என்பது இன்றைக்கும் அருவருப்பாக இருக்கிறது.

நாலாம் நாள் பதில் வந்தது. அது இங்கிலீஷில் இருந்ததால், அக்கா என்னைத் தமிழில் சொல்லச் சொன்னார். இயந்திர நடமாட்டம் உறுதியானது, கணக்கு திரும்பத் திறக்கப்படாது என்று சொன்னேன்.

“என்னையவா மெஷினுங்கறாங்க?” என்று சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அன்னைக்கு உங்க கம்ப்யூட்டர்ல நாந்தான் எதையோ தப்பா அமுத்திப்போட்டேனுங்க தம்பி. உங்க டெஸ்ட்டும் என்னால கெட்டுப்போயிருக்கும். மனசுல வெச்சுக்காதீங்க” என்றார்.

“பரவால்லீங்க்கா” என்றேன் நான்.