எதை அழிக்கலாம், எதை அழிக்கக் கூடாது

எங்கள் பள்ளியின் கணினி ஆசிரியைக்கு ஜூம் டீச்சர் என்று பெயர். மாணவர்கள் வைத்ததுதான், ஆனால் பொருத்தமாக வைத்துவிட்டார்கள். ஆண்டு மலருக்கும் அடையாள அட்டைக்கும் வருகிற ஒவ்வொரு புகைப்படத்தையும் மூக்குத் துவாரம் தெரிகிற அளவுக்குத் திரையில் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் அச்சுக்கு அனுப்புவார். பக்கத்து மேசை என்னுடையது. நான் ஓவிய ஆசிரியன். மலருக்கு அட்டைப்படம் வரைந்து கொடுத்தால் என் வேலை முடிந்தது என்று நினைப்பவன். அப்படி நினைக்க அவர் விட்டால்தானே.

போன வருடம் ஒரு பையன் அலைபேசியிலேயே தாடையைச் செதுக்கி, கண்ணைப் பெரிதாக்கி, நிறத்தை வெளுத்து ஒரு படம் கொடுத்தான். எப்படியோ அது அடையாள அட்டையில் ஏறிவிட்டது. தேர்வு அன்று கண்காணிப்பாளர் அட்டையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இந்தப் படத்துல இருக்கிற தம்பியை வரச் சொல்லுப்பா" என்றார். ஜூம் டீச்சர் தலைதெறிக்க ஓடி, இவன் அவன்தான் என்று எழுதிக் கொடுத்து உள்ளே அனுப்பினார். அன்று மாலையே தீர்மானித்துவிட்டார், இந்த வருடம் எல்லோருக்கும் ஒரு கடிதம் கொடுப்பது என்று.

ஒரு பக்கக் கடிதம். அடையாள அட்டைக்கு ஒரே விதி: முகத்தைத் தொடாதே. ஓரத்தை வெட்டலாம், சாய்ந்த படத்தை நிமிர்த்தலாம், இருட்டாக இருந்தால் மொத்தப் படத்தையும் வெளிச்சமாக்கலாம், அவ்வளவுதான். ஆண்டு மலருக்குக் கொஞ்சம் தாராளம். 'இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடக்கூடியது எதுவோ அதை நீக்கலாம். பரு, கொசுக்கடி, சட்டைக் காலரில் மை, பறக்கிற முடி. உங்களோடு இருப்பதை நீக்கக் கூடாது. மச்சம், தழும்பு, தோலின் நிறம், மூக்கின் அகலம் இவையெல்லாம் நீங்கள். பழைய படங்கள் ஏற்கப்படமாட்டா.' கீழே, 'சந்தேகம் இருந்தால் என்னிடம் கேளுங்கள்' என்று வேறு எழுதியிருந்தார். வம்பை விலைக்கு வாங்குவது என்றால் இதுதான்.

மறுநாளிலிருந்து எங்கள் அறை வாசலில் கூட்டம். ஒருத்தன் வந்து, "டீச்சர், எனக்குப் பல்லுல கம்பி போட்டிருக்கு. அது தானா போயிடும்ல?" என்றான்.

"எவ்வளவு நாள் இருக்கும்?"

"ஒன்றரை வருஷம் டீச்சர்."

"அப்ப இந்த வருஷத்துக்கு அதுவும் நீதான்."

இன்னொருத்தன், "என் கண்ணு தூங்கி வழியிற மாதிரியே இருக்கு டீச்சர், அதைச் சரிபண்ணலாமா?" என்றான். "உன்னைப் பொறுத்தவரைக்கும் அது நிரந்தரம்ப்பா" என்றார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வரைந்துகொண்டிருந்த கோடு கோணிவிட்டது.

சிரிப்பில்லாமல் வந்தவள் ஒருத்திதான். மலரின் பக்கங்களைக் கணினியில் அடுக்குகிறவள், அதனால் எல்லோரும் அவளை எடிட்டர் என்றே கூப்பிடுவோம். பிறவியிலேயே பிளந்திருந்த உதட்டைக் குழந்தையில் தைத்த தழும்பு மேலுதட்டிலிருந்து மூக்குவரை இருக்கும்.

"நானே பண்ணிடுவேன் டீச்சர். ரெண்டு நிமிஷ வேலை."

"முடியாதும்மா. லேசா திரும்பி நில்லு, வெளிச்சத்தை வேற பக்கம் வைக்கச் சொல்றேன். அதெல்லாம் தப்பில்ல. அழிக்கிறதுதான் கூடாது."

"சரி டீச்சர்" என்று போய்விட்டாள். அந்த 'சரி'யின் பொருள் அடுத்த வாரம் தெரிந்தது. வகுப்பில் எல்லோருடைய படத்தையும் அழகாக அடுக்கியிருந்தாள். தன் பெயருக்கு மேலே மட்டும் சாம்பல் கட்டம், உள்ளே 'படம் இல்லை.' பள்ளியின் கடைசி வருடம். மற்றவர்கள் காலம் முழுக்கப் புரட்டப்போகிற புத்தகத்தில் இந்தப் பெண் இருக்கமாட்டாள். டீச்சர் கூப்பிட்டுப் பேசினார், கெஞ்சினார். அவள் அசையவில்லை. எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை, கடிதத்தின்மேல்தான் வந்தது. அதை அவரிடமே சொன்னேன். அவர் யாருடைய காதையோ பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் அது நடந்தது. ஒரு காலையில் டீச்சர் பல் துலக்கும்போது தண்ணீர் இடது வாயோரமாக ஒழுகியிருக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் முகத்தின் இடது பாதி தொங்கிக் கிடக்கிறது. வீட்டுக்காரர் பதறியடித்து மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார். பக்கவாதம் இல்லை, முகநரம்பில் வீக்கம், மூன்று மாதத்தில் பெரும்பாலும் சரியாகிவிடும் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். திரும்பி வந்தவர் முகக்கவசத்தோடு வந்தார். இடது கண் மூடாது, சும்மா இருக்கும்போதும் நீர் வடியும். சிரித்தால் வலது பாதி மட்டும் சிரிக்கும்.

ஆசிரியர்களுக்குப் புகைப்படம் எடுக்கும் நாள் வந்தது. "போன வருஷப் படத்தையே போட்டுடுங்க" என்றார் மெதுவாக.

"பழைய படங்கள் ஏற்கப்படமாட்டா" என்றேன். என் வாய் சும்மா இருக்காது.

"சரி, இப்பவே எடுக்கட்டும். எடுத்துட்டு இடது பக்கத்தைச் சரிபண்ணட்டும். இது தானா போறதுதானே சார்?"

கவசத்தை ஒரு நிமிடம் இறக்கிப் படம் எடுத்துக்கொண்டார். எடிட்டரும் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தாள். நல்ல வலது பாதியை நகலெடுத்து, திருப்பி, இடது பக்கம் ஒட்டினாள். திரையில் ஒரு அம்மாள் வந்து நின்றார். கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு மச்சம். ஓரவகிடு இரண்டு. வலப்பக்கம் இருந்த மேல்கோட்டுப் பையும் பேனாவும் இப்போது இரு பக்கமும். ஏதோ ஒரு அலுவலகத்தில் முத்திரை குத்துகிற ஆள் மாதிரி முறைத்தார்.

"இது யாரு?" என்றேன்.

டீச்சர் பார்த்தார். முதலில் தோள் குலுங்கியது, அப்புறம் கவசத்தைக் கழற்றிவிட்டு, கோணிய வாயோடு சிரித்தார். நாங்களும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்த வாரத்தில் அவர் சிரித்துப் பார்த்தது அன்றுதான்.

"ஒரு மச்சத்தை எடுத்துட்டு, பேனாவை அழிச்சுட்டா சரியாயிடும் டீச்சர்" என்றாள் எடிட்டர். பிறகு தயங்கினாள். "ஆனா டாக்டர் மூணு மாசம்னு சொன்னாரே. ரெண்டு வாரம்னு நீங்கதானே எழுதினீங்க."

டீச்சர் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஆமாம்மா, எழுதினேன். எழுதும்போது முகம் நல்லா இருந்துச்சு. உன்கிட்ட முடியாதுன்னு சொன்னப்போ அது உனக்கு எப்படி இருந்திருக்கும்னு எனக்குத் தெரியலை. எனக்கு மூணு மாசம். உனக்குப் பொறந்ததுல இருந்து. அடையாள அட்டைல மாத்த முடியாது, அது அடையாளத்துக்கு. மலர் உன்னோடது. தழும்பை எடுக்கணும்னா எடுத்துடு. நான் கடிதத்தை மாத்தி எழுதறேன். ஆனா இந்தக் கட்டத்தைக் காலியா விடாதே."

அவள் திரையில் டீச்சரின் படத்தைக் காட்டினாள். "உங்களோடதை என்ன பண்றது?"

"எடுத்தது எடுத்தபடியே போடு. நான் கோணலா வர்றேன், பரவாயில்ல."

எடிட்டர் தன் அலைபேசியை எடுத்தாள். இந்த வருடம் மலருக்கென்று எடுத்து, கொடுக்காமலே வைத்திருந்த அவளுடைய படம் அதில் இருந்தது, நேராகப் பார்க்கிற முகம், தழும்போடு. அதை அந்தச் சாம்பல் கட்டத்துக்குள் வைத்தாள். பெரிதாக்கவில்லை, தொடவும் இல்லை.

"எனக்கு இன்னும் இதை அழிக்கணும்னுதான் ஆசை டீச்சர்" என்றாள். "பொய் சொல்லலை. ஆனா நீங்க மட்டும் தனியா அப்படி இருக்க வேண்டாம்."

டீச்சரின் இடது கண்ணிலிருந்து அந்த வாரம் முழுக்க நீர் வடிந்துகொண்டிருந்ததால் நாங்கள் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. அப்போது வலது கண்ணிலிருந்தும் வந்தது.