காதைப் பார்க்க வந்தவர்கள்

என் மகளின் நிறத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும், சொன்னவர் முகம் வாடக் கூடாது என்பதற்காக நான் அவளை விட்டுக்கொடுத்தேன். ஏதோ ஒரு தடவை வாய் தவறி நடந்த காரியமில்லை இது. அவள் பிறந்ததிலிருந்து, அவளைப் பெண் பார்க்க ஆட்கள் வந்த நாள் வரைக்கும் செய்தேன்.

ஏரிக்கரையில் இருக்கிற எங்கள் ஊரான தோணிரேவில் பிள்ளை பிறந்த வீட்டுக்கு வருகிற பெண்கள், குழந்தையை மடியில் வாங்கியதும் முதலில் காதைப் பார்ப்பார்கள். பிறந்த குழந்தை எதுவும் சிவப்பாகத்தான் தெரியும், போகப்போக வரப்போகிற நிறம் காதின் மேல்விளிம்பில் முன்கூட்டியே தெரிந்துவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. என் மகளின் காதையும் மடக்கிப் பார்த்தார்கள். "கலர் கம்மிதான் வரும் போலக்குது" என்று ஒருத்தி சொன்னாள். நான் வாசலில் நின்றிருந்தேன். ஏதாவது பதில் சொல்ல வேண்டுமே என்று, "வெயில் காலத்துல பொறந்தவ, கருவாடா காஞ்சிட்டா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கட்டிலில் கிடந்த என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

அந்தப் பதில் எனக்குப் பிடித்துப்போயிற்று. பொன்னேரி நீதிமன்ற அலுவலகத்தில் எனக்கு வேலை. வாதிக்கும் பிரதிவாதிக்கும் நடுவில் உட்கார்ந்து யாருக்கும் கோபம் வராமல் பேசியே பழகியவன். படகுகள் வந்து சேரும் ரேவில் யாராவது "இன்னா உன் பொண்ணு இப்படிக் கறுத்துப் போச்சு" என்று கேட்டால், அதே கருவாட்டுக் கதையைச் சொல்வேன். கேட்டவர் சிரித்துவிட்டுப் போவார். "அந்தத் தம்பிக்குக் கோவமே வராது" என்று பெயர் வாங்கினேன். அவளுக்குக் கருவாடு என்றே பெயர் விழுந்தது. விடுமுறை நாட்களில் அவள் வீட்டைவிட்டு வெளியே வராததை, படிக்கிற பிள்ளை என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெண் பார்க்க வந்தபோதுதான் எல்லாவற்றுக்கும் மேலாகச் செய்தேன். மாப்பிள்ளையின் தாயார் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். அவர் எதுவும் கேட்கவில்லை. நானே முந்திக்கொண்டு, "கலர் கொஞ்சம் கம்மிதாங்க, ஆனா குணம் தங்கம்" என்றேன். மகள் காபித் தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். ரேவில் என்னிடம் வம்பு பேசுகிறவர்களில் ஒருவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள்.

அந்தச் சம்பந்தம் அமையவில்லை. பின்னால் சென்னையில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபி வேலைக்குப் போனாள். தனக்குப் பிடித்தவரைத் தானே பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டாள். நல்ல பையன். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. பொங்கலுக்கு வருவாள், சாயங்கால ரயிலுக்குத் திரும்பிவிடுவாள். அவ்வளவுதான் எங்களுக்குக் கிடைத்தது.

பேத்தி பிறந்தபோது மகள் தாய்வீட்டுக்கு வருவாள் என்று என் மனைவி பழைய புடவைகளைத் துவைத்துக் கிழித்து மடித்து வைத்தாள். மருத்துவமனையில் மகளிடம் கேட்டோம். அவள் தன் அம்மாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"வரேன் நைனா. ஒண்ணு மட்டும் சொல்லு. எம் பொண்ணு காதை மடக்கிப் பாத்து யாராவது கலரைப் பத்திப் பேசுனா, நீ இன்னா பதில் சொல்லுவ?"

நான் என் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன்.

"யோசிச்சுச் சொல்லு. அதுக்கப்புறம் வரேன்."

வீட்டுக்கு வந்து யோசித்தேன். அடுத்த நாள் போய், "உன்னையோ குழந்தையையோ விட்டுக்குடுத்து ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்று சொன்னேன். அவள், "சரி, பாக்கலாம்" என்றாள். குழந்தையோடு வந்தாள்.

முதலில் பார்க்க வந்தவர் எங்கள் தெருவில் மீன் விற்கிற அக்கா. எனக்கு மூத்தவர், என்னைத் தம்பி என்பார். குழந்தையை வாங்கினார், கொஞ்சினார், கை தானாகக் காதுக்குப் போனது.

"அம்மா மாதிரிதான் வரும் போலக்குது. இன்னா பண்றது, பொட்டப்புள்ளயாப் போச்சு. குங்குமப்பூ குடிச்சியா இல்லியா நீ? நீயும் ஒரு சுத்து பெருத்துட்ட."

நான் தயாராக இருந்தேன். குங்குமப்பூவுக்கும் நிறத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று ஆரம்பித்தேன். தோலில் நிறம் எதனால் உண்டாகிறது, வெள்ளைக்காரன் வந்து போனது, சிவப்பழகுக் களிம்பில் என்னென்ன கலக்கிறார்கள் என்று வரிசையாகச் சொன்னேன். கடைசியில், "இப்படிப் பேசறது அநாகரிகம்க்கா. படிக்காதவங்க பேசற பேச்சு" என்றும் சொல்லிவிட்டேன்.

அக்கா குழந்தையை மெதுவாக என் மனைவியிடம் கொடுத்தார். காபி ஆறிக்கொண்டிருந்தது. அதைத் தொடாமல், "வரேம்மா" என்று மகளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

"இன்னா மனுசன்யா நீ!" என்றாள் என் மனைவி. சமையலறையில் அக்கா கொண்டுவந்த பை இருந்தது. பிரித்துக் காட்டினாள். பால்சுறா. பிள்ளை பெற்றவளுக்குப் புட்டு செய்து கொடுத்தால் பால் ஊறும். எங்கள் ஏரியில் கிடைக்காது. கடற்கரைக் குப்பத்துக்குப் படகில் போய், கரையிலேயே காத்திருந்து வாங்கி வந்திருக்க வேண்டும்.

மகள் சிரிப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"எனக்காக யார்னா சண்டை போடணும்னா கேட்டேன்? அப்ப அவங்க முகம் வாடக் கூடாதுன்னு என்னை விட்டுக்குடுத்த. இப்ப என் முகம் வாடக் கூடாதுன்னு அவங்கள அடிக்கிற. நடுவுல ஒரு வழியே கிடையாதா உனுக்கு?"

"நீ எப்படிச் சமாளிக்கிற?"

"அவங்க கொண்டாந்ததை வாங்கிப்பேன். சொன்னதை வாங்கிக்க மாட்டேன். அவ்ளோதான்."

மறுநாள் காலை அக்கா ரேவிலிருந்து வருகிற நேரம் பார்த்து அவர் வீட்டுக்குப் போனேன். கூடையை இறக்கிக்கொண்டிருந்தார். நான் சொன்னது தப்பு, படிக்காதவங்க என்று சொன்னது மகா தப்பு என்றேன். அவர் நிமிரவில்லை.

"நான் ஊர்ல எல்லாரும் பேசறதைத்தான் பேசினேன். நீதான் தம்பி உம் பொண்ணைக் கருவாடுன்னு சொன்ன. நானா சொன்னேன்?"

"நான்தாங்க்கா சொன்னேன். அதுதான் என்னை இப்பவும் அரிக்குது. அவ அதனாலதான் இத்தனை வருசம் இங்க வந்து தங்கல."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "அதுக்கா வரல? நாங்க அது மெட்ராசு பவுசுன்னு நெனச்சோம்" என்றார். பிறகு, "சுறாவைச் செஞ்சீங்களா, நாறவுட்டீங்களா?" என்று கேட்டார். செய்தோம், மகள் இரண்டு வேளை சாப்பிட்டாள் என்றேன். முகம் கொஞ்சம் தெளிந்தது.

அதன் பிறகு வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மகள் பதில் சொல்வதைக் கூடத்தில் உட்கார்ந்து கவனித்தேன். ஆரம்பாக்கத்திலிருந்து வந்த என் மனைவியின் உறவுக்காரப் பெண், "இன்னாடி இப்படி ஊதிட்ட, அடையாளமே தெரில" என்றாள். மகள் சிரித்த முகமாக, "பால் குடுக்கிற உடம்புக்கா, இப்படித்தான் இருக்கும். உனுக்கு முட்டிவலி தேவலையா?" என்றாள். அவ்வளவுதான். ஏன் பெருத்தேன், எப்போது இளைப்பேன் என்று ஒரு கணக்கும் சொல்லவில்லை. "நீ மட்டும் இன்னா" என்று திருப்பி அடிக்கவும் இல்லை. வந்தவள் முட்டிவலியை நெடுநேரம் சொன்னாள். மகள் அதை உண்மையாகவே கேட்டு, காலை எப்படி நீட்டி மடக்க வேண்டும் என்று செய்து காட்டினாள்.

பக்கத்து வீட்டு அம்மாள், ரத்தம் கம்மியோ, முகம் வெளிறியிருக்கிறதே என்று கேட்டார். அவருக்குப் பதில் வேறாக இருந்தது. "ஆமா அத்தை, மாத்திரை சாப்பிடறேன். கேட்டதுக்கு சந்தோசம்" என்றாள். அது அக்கறை என்பதை அவள் கேட்டவுடனே பிரித்தறிந்தாள். இன்னொருத்தி விடாமல் திரும்பத் திரும்ப, புருசன் சிவப்பாச்சே, புள்ள ஏன் அப்படி இல்லை என்று நோண்டினாள். முதல் தடவை மகள் பேச்சை மாற்றினாள். இரண்டாம் தடவை குரலை உயர்த்தாமல், "இவ கலரைப் பத்தி நாங்க வீட்ல பேசறது இல்லக்கா. வேற பேசலாம்" என்றாள். அவள் சொன்னதில் மன்னிப்பும் இல்லை, காரமும் இல்லை. வந்தவள் ஒரு மாதிரி ஆகிவிட்டாள். பிறகு காபியைக் குடித்துவிட்டு மழையைப் பற்றிப் பேசினாள்.

என் முறையும் வந்தது. என் கூடவே படித்தவன், இப்போது ஏலத்தில் மீன் எடுக்கிறவன், ரேவில் நாலு பேர் நடுவில் கூப்பிட்டுக் கேட்டான். "இன்னாய்யா, பேத்தி எப்படி? வெள்ளக் கருவாடா, கறுப்புக் கருவாடா?"

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். சிரிக்கக் காத்திருந்தார்கள். நாக்கு நுனியில் பழைய பேச்சு வந்துவிட்டது. அதை விழுங்கினேன். உபதேசம் ஒன்றும் கூடவே வந்தது. அதையும் விழுங்கினேன்.

"பேத்தி நல்லாக்கிறா. ராத்திரி பூரா கத்துறா, தொண்டை உன்ன மாதிரி. அந்தப் பேர் நான் வெச்சது, வெச்சிருக்கக் கூடாது. இனிமே வேணாம்டா. வீட்டுக்கு வந்து குழந்தையப் பாரு."

"இன்னாய்யா, தமாசுக்குச் சொன்னா..." என்று இழுத்தான். "தெரியும். நானும் அப்ப தமாசுக்குத்தான் சொன்னேன்" என்றேன். ஏலம் ஆரம்பித்தது. அவன் திரும்பிக்கொண்டான். குழந்தையைப் பார்க்க இன்னும் வரவில்லை. வருவான் என்று நினைக்கிறேன்.

எல்லாம் சரியாகிவிட்டதாகச் சொன்னால் பொய். ரேவில் சிலர் இப்போதும் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள். என்னைக் கண்டால் நிறுத்திக்கொள்கிறார்கள். போன வாரம் பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் தெரிந்த பையன் ஒருவனைப் பார்த்தேன். படகுக்குப் போக ஆரம்பித்திருக்கிறான். "இன்னாடா இப்படிக் கறுத்து..." என்று என் வாயே தொடங்கிவிட்டது. எங்கள் ஊரில் நலம் விசாரிப்பதே அப்படித்தான். கறுத்துவிட்டாய் என்றால் பாவம் வெயிலில் உழைக்கிறாய் என்று பொருள். ஆனாலும் பாதியில் நிறுத்தி, "வேலை எப்படிடா போவுது?" என்று கேட்டேன். அவன் பஸ் வரும்வரை பேசினான்.

மகளிடம் மன்னிப்பும் கேட்டேன். பெண் பார்க்க வந்த நாளைச் சொல்லித்தான் கேட்டேன். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "அதை உடனே மறக்க முடியல நைனா. பொய் சொல்லக் கூடாதுல்ல?" என்றாள். சொல்ல வேண்டாம் என்றேன்.

இந்த மாதத்தோடு கிளம்புவதாக இருந்தாள். நேற்று மருமகனிடம் போனில், விடுப்பு முடிகிற வரைக்கும் இங்கேயே இருந்துவிட்டு வருவதாகச் சொன்னாள். அவளுடைய அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் காதில் விழாதது போலப் பேத்தியின் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தேன்.