பத்தாவது கணக்கில் ஒரு சிவப்புக் கோடு

விம்கோ நகரில் மாடி அறையில் டியூஷன் நடத்தும் குமாரவேல் நான்தான். ஆசிரியர் தேர்வை நான்கு முறை எழுதிப் பார்த்தவன். நான்கு முறையும் கேள்வித்தாள்தான் மோசம் என்று இன்றுவரை சொல்லி வருகிறேன். சிவப்புப் பேனாவை டஜன் கணக்கில் வாங்குவேன். தப்பான விடையைப் பார்த்ததும் மூலைக்கு மூலை ஒரே கோடாக இழுத்துவிடுவேன். அந்தக் கோட்டில் எனக்கு இருந்த பெருமை என் பட்டத்தில்கூட இருந்ததில்லை.

ஜூன் கடைசியில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குச் சார்புகளில் தேர்வு வைத்தேன். வகுப்பில் தொண்டை கிழியக் கத்தியிருந்தேன். "நேர்மாறு கண்டுபிடிக்க y-ஐயும் x-ஐயும் இடம் மாத்து. y-ஐத் தனியா எடு. அப்புறம் ஒண்ணுக்குள்ள ஒண்ணைப் போட்டு ரெண்டையும் சேர்த்துப் பாரு. கடைசியில் x வந்தா சரி. என்னை நம்பாதே, x-ஐ நம்பு!"

பத்தாவது கணக்கு f(x) = x/(x−1). ஜோதிகாவின் தாளில் நேர்மாறு என்று அதே x/(x−1) இருந்தது. கேள்வியையே திருப்பி எழுதியிருக்கிறாள் என்று எனக்குக் கோபம் வந்தது. நான் எழுதி வைத்திருந்த விடைக்குறிப்பில் (x−1)/x என்று இருந்தது. இழுத்தேன் கோடு. அவள் மதிப்பெண் ஐம்பதுக்கு முப்பத்தொன்று.

அதோடு நிற்கவில்லை. காசிமேட்டில் மீன் விற்கும் அவள் அம்மா பவுனம்மாளுக்குப் போன் போட்டேன். முப்பத்தைந்துகூட வராத பெண்ணுக்குக் கணக்கு குரூப் வேண்டாம், காமர்சுக்கு மாற்றிவிடுங்கள், திங்கட்கிழமையோடு பள்ளியில் குரூப் மாற்ற நேரம் முடிகிறது என்றேன். என் யோசனை அவருக்கு வேதவாக்கு என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் குரலைக் கொஞ்சம் கனமாக வைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை பவுனம்மாள் மாடிப்படி ஏறி வந்தார். ஒரு கையில் குரூப் மாற்றக் கையெழுத்துப் போட்ட விண்ணப்பம், மறு கையில் அந்தத் தாள். பின்னால் ஜோதிகா. என் முன்னால் பன்னிரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

"சார், குடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். எனக்குப் படிப்பு வராது. ஆனா இவ வூட்ல ஒரு வாரமா கத்திகினு கீறா, கடைசில x வந்தா சரின்னு. இதோ, கோட்டுக்கு அடியில பாரு. கடைசில x தானே கீது? அப்பறம் இன்னாத்துக்குக் கோடு?"

சிரித்தேன். அப்படியே சிரித்துக்கொண்டு போயிருக்கலாம். நமக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "போர்டுலயே காட்டறேன்மா, எல்லாரும் பார்க்கட்டும்" என்று சாக்பீஸை எடுத்தேன்.

y = x/(x−1). இடம் மாற்றினேன்: x = y/(y−1). பெருக்கினால் xy − x = y. y உள்ளதை ஒரு பக்கம் கொண்டுவந்தால் y(x−1) = x. ஆகவே y = x/(x−1).

சாக்பீஸ் நின்றது. கேள்வியே விடையாக வந்திருந்தது. எங்கேயோ இடறிவிட்டேன் என்று அழித்துவிட்டு மறுபடி போட்டேன். அதே விடை. சரி, எண்ணை வைத்துப் பார்ப்போம் என்று 3 போட்டேன். 3/2 வந்தது. 3/2-ஐ மறுபடி அதற்குள் போட்டேன். ஒன்றரையை அரையால் வகுத்தால் 3. என் விடைக்குறிப்பில் உள்ளதற்குள் அதே 3/2-ஐப் போட்டேன். 1/3 வந்தது.

நேர்மாறு கேட்டால் பின்னத்தைத் தலைகீழாக்கி எழுதி வைத்திருக்கிறேன். வகுப்பில் நான் திட்டும் அதே தப்பு. சேர்த்துப் பார்க்கச் சொன்ன மகான் ஒரு தரம்கூடச் சேர்த்துப் பார்க்கவில்லை. என்னைப் போலவே தலைகீழாக்கிய மூன்று பேருக்கு முழு மதிப்பெண் வேறு கொடுத்திருந்தேன்.

பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

ஜோதிகாவின் தாளை வாங்கி முழுதாக, முதல் தடவையாக, படித்தேன். அழகாகப் போட்டிருந்தாள். தன்னையே தனக்குள் வைத்து, கீழே x − (x−1) என்று எழுதி, அதை 1 ஆக்கி, மேலும் கீழும் இருந்த (x−1)-ஐ அடித்து, கடைசி வரியில் x. ஐந்துக்கு ஐந்து. மொத்தம் முப்பத்தாறு. தலையைக் குனிந்துகொண்டே, "என் தப்புதான்மா" என்றேன்.

பவுனம்மாள் விண்ணப்பத்தை நான்காகக் கிழித்தார். "பேஜாரு பண்ணிட்டியே சார்" என்றார், அவ்வளவுதான்.

எனக்கு மனது ஆறவில்லை. ஜோதிகாவைப் பார்த்துக் கேட்டேன். "நாலு நாளா தாள் உன் கையில இருந்துதே. ஏன்மா எங்கிட்ட வந்து சொல்லலை?"

"x வந்துச்சு சார்" என்றாள். "நாலு வாட்டி போட்டுப் பார்த்தேன், நாலு வாட்டியும் வந்துச்சு. ஆனா நீங்க கோடு போட்டிருந்தீங்க. எனக்குத்தான் கணக்கு வராது போலன்னு நெனச்சுக்கினேன்."