ஆத்தூருக்கு ஒரே ஆள்

எண்பதுகளில் நாமக்கல்லில் கோழித்தீவன மில் வைத்திருந்தேன். ஆத்தூர்ப் பகுதிக்கு முதன்முறையாக ஒரு விநியோகஸ்தரை நியமித்தபோது நிபந்தனைகளை நானே சொன்னேன். மாதம் ஐம்பது டன் எடுக்க வேண்டும், பதினைந்து நாள் தவணை, வேறு கம்பெனித் தீவனம் விற்கக் கூடாது. அந்தத் தாலுகாவில் அவரைத் தவிர யாருக்கும் நாங்கள் சரக்குக் கொடுக்க மாட்டோம். தை மாதம் விற்பனையைப் பார்த்து, தொடர்வதா என்று முடிவு செய்வோம்.

அடுத்த வாரமே, ஆத்தூரில் பண்ணை வைத்திருந்த என் மனைவியின் அண்ணன் லாரியோடு மில் வாசலில் வந்து நின்றார்.

"உங்க பக்கத்துக்கு ஆள் போட்டாச்சுங்க மச்சான். அவருகிட்டத்தான் வாங்கோணும்" என்றேன்.

"பொண்ணு குடுத்தவனுக்கே தீவனம் இல்லீங்களா?"

"இல்லீங்க. வாக்குக் குடுத்துட்டனுங்க."

லாரி காலியாகத் திரும்பியது. என் மனைவி பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

தையில் விநியோகஸ்தர் வந்தார். ஒவ்வொரு மாதமும் இலக்கைத் தாண்டியிருந்தார். எப்படி என்று கேட்டேன்.

"எல்லாம் உங்க மச்சானாலதாங்க. 'சொந்தக்காரனையே திருப்பி அனுப்பின மில்லு, நம்பி வாங்கலாம்'னு பக்கத்துப் பண்ணைக்காரங்களையெல்லாம் அவரே கூட்டிட்டு வந்தாருங்க."

அங்கேயே இன்னொரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். மச்சானிடம் மட்டும் இன்றுவரை நன்றி சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை, எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ரோஷம்.