இருக்கை உயரத்துக்காக எடுத்த படம்

பிளேஸ்டோவில் ஒற்றை அறை வீட்டுக்கு நான் மாறி வந்த பிறகு வந்த குளிர்காலத்தில்தான் டொக்டர் என்னை ஜிம்முக்குப் போகச் சொன்னார். எடை குறைந்துகொண்டே வந்ததால் இரத்தமெல்லாம் சோதித்துப் பார்த்தார்கள். நோய் ஒன்றும் இல்லை. "தசை கரைகிறது. ஒழுங்காகச் சாப்பிடுங்கள், பாரம் தூக்கிப் பழகுங்கள்" என்றார். மனைவியும் நானும் பிரிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. தனி ஒருவனுக்காக அடுப்பை மூட்ட மனம் வருவதில்லை. தேநீரும் பாண் ரொட்டியுமாகப் பல இரவுகள் போயின. இதை நான் மகளுக்குச் சொல்லவில்லை. அவள் கிளாஸ்கோவில் வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பாள். சுகமா, ஓம் சுகம், குளிரா, ஓம் குளிர். அதற்கு மேல் எங்களுக்குக் கதை வராது. வீடியோவில் வரச் சொன்னால், சிக்னல் சரியில்லை என்பேன்.

கவுன்சில் ஜிம்மில் முதல் நாள் ஒரு பெண் எல்லா மெஷின்களையும் வேகமாகக் காட்டிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டாள். இரண்டாவது முறை போனபோது ஒன்றும் நினைவில் இல்லை. பிற்பகல் நேரம், ஆட்கள் குறைவு. உட்கார்ந்து இரண்டு கைப்பிடிகளை முன்னால் தள்ளும் நெஞ்சு மெஷினில் போய் இருந்தேன். கைப்பிடிகள் என் கழுத்தளவில் நின்றன. தள்ளினேன், அசையவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு மறுபடி தள்ளினேன். பாரம் ஒரு விரலளவு எழும்பி டமார் என்று விழுந்தது. வலது தோளில் சுரீர் என்றது. யாராவது பார்த்தார்களா என்று திரும்பினேன். ஒருவரும் பார்க்கவில்லை. அதுவும் ஏனோ கவலையாக இருந்தது.

எழுந்து போய்விடத்தான் நினைத்தேன். ஆனால் மகள் பல வருடமாக ஜிம்முக்குப் போகிறவள் என்பது ஞாபகம் வந்தது. மெஷினை ஒரு படம் எடுத்து, "இதை எப்படிப் பாவிக்கிறது?" என்று எழுதி அனுப்பினேன். வேலை நேரம், பதில் வராது என்றுதான் எண்ணினேன். உடனே போன் அடித்தது.

"அப்பா, நீங்கள் ஜிம்மிலயோ?"

"ஓம். சும்மா ஒருக்கா பாப்பமெண்டு வந்தனான்."

"நல்ல விஷயம்தானே!" அவள் குரலில் சிரிப்பு இருந்தது. "பாரத் தட்டுக்குள்ள குத்தியிருக்கிற பின் எங்க நிக்குதெண்டு பாருங்கோ. நாப்பத்தஞ்சில நிக்குது. அது உங்களுக்கு முதல் இருந்த ஆள் வச்சது. இழுத்து எடுத்து மேல பத்துக் கிலோவில போடுங்கோ. முழுக்க உள்ள போகவேணும், அரைவாசியில விடாதேங்கோ."

போட்டேன்.

"சீட்டுக்குக் கீழ மஞ்சள் குமிழ் ஒண்டு தெரியுது. எழும்பி நிண்டு அதை இழுத்துக்கொண்டு சீட்டை மேல தூக்குங்கோ. அந்த ஆள் உயரமான ஆளாக்கும், சீட்டைக் கீழ பதிச்சு வச்சிருக்கிறார். கைப்பிடி நெஞ்சுக்கு நேர வரவேணும். கழுத்துக்கு நேர வந்தால் தோள்தான் போகும்."

கொஞ்சம் தூக்கினேன். "எத்தனையாம் நம்பரில வைக்கிறது?"

"அது ஆளுக்கு ஆள் மாறும். வெறும் மெஷினைப் பாத்து நான் என்னெண்டு சொல்லுறது? நீங்கள் இருக்கிற மாதிரி பக்கத்தில நிண்டு ஆரையாவது ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கோ."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. யாரைக் கேட்பது? காலையில் இருந்து மகளைத் தவிர நான் ஒருவரோடும் பேசியிருக்கவில்லை. சற்றுத் தள்ளி, காதில் ஹெட்போன் போட்டபடி என் வயதுக்காரர் ஒருவர் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தார். போனை நீட்டி, சைகையாலேயே கேட்டேன். இறங்கி வந்தார். பின்னால் வேறு யாரும் படத்தில் விழுகிறார்களா என்று பார்த்தார், ஒரு கால் மடித்துக் குந்தினார், மூன்று படம் எடுத்தார். "நேரே பாருங்கள், தோளைத் தளர விடுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். நன்றி சொன்னேன். தலையாட்டிவிட்டுச் சைக்கிளுக்குப் போனார்.

அவள் லைனில் இருக்கவே படங்களை அனுப்பினேன். இந்த முறை பதில் வரத் தாமதமானது.

"பிள்ளை? சீட்டு சரியோ?"

"இன்னும் ஒரு ஓட்டை மேல ஏத்துங்கோ." குரல் அடங்கியிருந்தது. "குமிழை விட்டதும் கிளிக் எண்டு கேக்கவேணும். ஒருக்கா ஆட்டிப் பாருங்கோ, பூட்டியிருக்கோ எண்டு."

ஏற்றினேன். இப்போது கைப்பிடி நெஞ்சுக்கு நேராக வந்தது. ஆனால் பாதம் நிலத்தில் பதியவில்லை, விரல் நுனிதான் தொட்டது. அவளிடம் சொன்னேன். அங்கே கிடக்கும் உடற்பயிற்சிப் படி ஒன்றை எடுத்துக் காலுக்குக் கீழே வைக்கச் சொன்னாள். சுவரோரமாகக் கிடந்த உயரம் குறைந்த பிளாஸ்டிக் படியை இழுத்து வந்து வைத்தேன்.

"போனை ஸ்பீக்கரில போட்டு மடியில வையுங்கோ. முதுகைச் சாய்ச்சு வச்சு மெதுவாத் தள்ளுங்கோ. தள்ளேக்க மூச்சை விடுங்கோ, அடக்காதேங்கோ. திரும்பி வரேக்கயும் மெதுவா."

தள்ளினேன். போனது. எந்தச் சத்தமும் இல்லாமல் பாரம் எழும்பி, எந்தச் சத்தமும் இல்லாமல் இறங்கியது. தோளில் நோவில்லை. பத்துத் தரம் செய்தேன், கடைசி இரண்டும் கொஞ்சம் கடினமாக இருந்தன.

"அவ்வளவுதான் காணும், போதும். அதுதான் இப்ப உங்கட பாரம். பன்னிரண்டு தரம் லேசாச் செய்ய ஏலுமெண்டால் பிறகு ஒண்டு கூட்டலாம்." பிறகு சொன்னாள்: "அப்பா, எப்ப தொடக்கம் இப்பிடி மெலிஞ்சனீங்கள்?"

நான் போனில் அந்தப் படத்தைத் திறந்து பார்த்தேன். அதுவரை பார்க்கவில்லை. பக்கவாட்டில் ஒரு கிழவன். சட்டைக் கையில் இருந்து குச்சிபோல் முழங்கை. கழுத்துக்கும் கொலருக்கும் நடுவே இரண்டு விரல் போகும் இடைவெளி. சீட்டு உயரத்தைக் காட்டத்தான் எடுத்த படம்; அதில் எல்லாமே தெரிந்தது.

"கொஞ்சம்தான். டொக்டரிட்டக் காட்டினனான். நோய் வருத்தம் ஒண்டும் இல்லையாம்."

"எனக்கு ஏன் சொல்லேல்ல?"

"உனக்கு வேலை..."

"அப்பா."

யாரோ ஒரு பெண் வியர்வை துடைக்கும் துவாயோடு வந்து, முடிந்துவிட்டதா என்று கண்ணால் கேட்டாள். எழுந்து கைப்பிடிகளைத் துடைத்தேன். அவள் குமிழை இழுத்துச் சீட்டை இறக்கினாள், பின்னைக் கீழே முப்பதில் குத்தினாள்.

"இரவைக்கு என்ன சாப்பாடு?" மகள் கேட்டாள்.

"பாண் கிடக்கு."

"பாண் காணாது. முட்டை இருக்கோ? இல்லாட்டி போகேக்க வாங்கிக்கொண்டு போங்கோ. நான் மீட்டிங்குக்குப் போறன்." வைத்துவிட்டாள்.

முட்டையும் ஒரு பிடி கீரையும் பருப்பும் வாங்கினேன். அன்று இரவு சமைத்ததில் உப்புக் கூடிவிட்டது. சாப்பிட்டேன்.

அவள் கிளாஸ்கோவில் இருந்து உடனே ஓடி வந்துவிடவில்லை. வர முடியாத வேலை. ஆனால் அடுத்த வியாழன் ஒரு செய்தி வந்தது: "சீட் சரியா வச்சிருக்கிறீங்களா எண்டு பாக்கவேணும். பக்கத்தில இருந்து ஒரு படம் அனுப்புங்கோ." என் இருக்கை நாலாம் எண்ணில். அதை நான் மறக்கவில்லை, அவளுக்கும் அது தெரியும். என்றாலும் சைக்கிள்காரரைத் தேடினேன். அவர் அன்று இல்லை. படியில் போனைச் சாய்த்து, நேரம் வைத்துத் தானாக எடுக்கச் செய்து, ஓடிப் போய் இருந்தேன். முதல் படத்தில் என் முழங்கால் மட்டும் விழுந்தது.

இப்போதும் வியாழன்தோறும் கேட்கிறாள். அனுப்புகிறேன். "சீட் ஓகே" என்று எழுதுவாள். சில நாள் அதோடு, "கன்னத்தில கொஞ்சம் சதை வந்திருக்கு" என்றும் இருக்கும்.