இருபத்தெட்டு நாள் சம்பளம்

ஏரியூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் பத்து ரூபாய் கொடுத்துத்தான் குப்புராஜ் மகளின் சம்பளச் சீட்டைக் காகிதமாக வாங்கினார். போனிலேயே பார்க்கலாம் என்று மேகலா சொல்லியிருந்தாள். "போன்ல இருக்கறது எப்ப அழியுமோ. தாளு குடு."

ஃபைலைத் திறக்கப் பெயரின் முதல் நாலு எழுத்தும் பிறந்த வருடமும் கேட்டது.

"ரெண்டாயிரத்து நாலு போடு," என்றார்.

"அது நெசமா பொறந்த வருசம்ப்பா. ஹெட்மாஸ்டர் எழுதனது மூணு."

"அந்த வாத்தியாருக்கு உன்ன ஒரு வருசம் முன்னாடியே தள்ளிவிடணும்னு அவசரம்."

இருவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். குப்புராஜுக்கு ஐம்பத்திரண்டு வயது. பன்னிரண்டு வருடமாகப் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. சாரத்தில் ஏறி இறங்கியே முட்டி தேய்ந்துவிட்டது. இனி ஏறாதே என்று தருமபுரி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஓசூர் கம்பெனி மகளுக்கு அனுப்பிய வேலைக் கடிதத்தில் மாதம் பதினெட்டாயிரத்து எண்ணூறு என்று இருந்தது. அதில் பன்னிரண்டாயிரமாவது வீட்டுக்கு வந்தால் போதும், மகனின் ஐ.டி.ஐ. படிப்பும் அரிசி பருப்பும் ஓடிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தார். மறுபடி வேலைக்குக் கூப்பிட்ட மேஸ்திரி சின்னராஜிடம் "யோசிச்சு சொல்றேங்க" என்று இழுத்துக்கொண்டிருந்தார். இன்றுதான் சொல்ல வேண்டும்.

"படி."

"பேசிக் ஒம்பதாயிரத்து எண்ணூறு. வூட்டு வாடகைப்படி மூவாயிரத்து தொள்ளாயிரத்து இருவது. போக்குவரத்து ஆயிரத்து அறுநூத்தி எம்பது. மொத்தம் பதினஞ்சாயிரத்து நானூறு."

"பதினெட்டுன்னாங்களே?"

"அதுல கம்பெனி கட்டற பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., கிராஜுவிட்டி எல்லாம் சேத்திருக்காங்கப்பா. கையில தர்றதில்ல. முழு மாசம்னா பதினாறாயிரத்து ஐநூறு."

"அவங்க கட்டறத உன் சம்பளம்னு எழுதுவாங்களா?"

"அப்பிடித்தான் எழுதறாங்க."

இது கையெழுத்துப் போடும்போது அவளுக்குத் தெரியாது. பி.எஸ்சி. படித்தவள், நாலு பக்க ஆங்கிலத்தைப் புரட்டிவிட்டுக் கடைசிப் பக்கத்தில் பெயர் எழுதியவள். இப்போது அவருக்கு விளக்கும் வார்த்தைகள்கூடப் போன வாரம் ஹாஸ்டல் தோழி சொல்லித் தந்தவை.

"பதினாறரைல ஆயிரத்து நூறு எங்க?"

மேகலா தாளின் மேற்பகுதியைக் கட்டைவிரலால் மறைத்திருந்தாள். அவர் விரலை மெல்ல நகர்த்தினார். வேலை நாள் கட்டத்தில் இருந்த இருபத்தெட்டு என்ற எண்ணை அவரால் படிக்க முடிந்தது.

"மூணாந்தேதிதானப்பா சேந்தேன்."

ஒன்றாம் தேதி அஷ்டமி, இரண்டாம் தேதி நவமி. பெண்பிள்ளை முதல் வேலைக்குப் போகிறது, மூணாந்தேதி போனால் போதும் என்று பையை உள்ளே தூக்கி வைத்தவர் அவர்தான்.

"ரெண்டு நாளு," என்றார். "நல்ல நாளு பாத்ததுக்கு நல்ல வெலதான் குடுத்திருக்கோம். சரி, கழிக்கறதப் படி."

"பி.எஃப். ஆயிரத்து நூத்தி எழுவத்தாறு. என் பேர்லயே சேருது."

"எடுக்கலாமா?"

"இப்ப முடியாதுப்பா. ஈ.எஸ்.ஐ. நூத்திப் பதினாறு. அதுல உங்க பேரையும் சேத்துக்கலாம். முட்டிக்கு வைத்தியம் பாக்கலாம்."

"அந்தக் கார்ட அரிசிக்கடையில நீட்ட முடியுமா?"

அவள் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "ஹாஸ்டல், சாப்பாடு ரெண்டாயிரத்து அறுநூறு. யூனிபாரம், ஷூ எண்ணூத்தி அம்பது. இது இந்த ஒரு மாசந்தான். கையில பத்தாயிரத்து அறுநூத்தி அம்பத்தெட்டு."

"அடுத்த மாசம்?"

"பன்னெண்டாயிரத்து ஐநூறு வரும்."

"உனக்கு சோப்பு, பஸ்சு, போனு?"

"ரெண்டாயிரத்துல சமாளிச்சிக்குவேன்."

கூட்டிக் கழிக்க அவர் விரல் மடக்கவில்லை; பன்னிரண்டாயிரம் வீட்டுக்கு வராது. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

"மேஸ்திரிங்களா? குப்புராஜுங்க. ஞாயித்துக்கெழம வந்துடறேன்... ஆமாங்க, பாப்பாவுக்கு நல்ல சம்பளம்ங்க, சும்மா வூட்ல கெடக்க முடியல. ஒண்ணு மட்டும். முட்டி சரியில்ல, கீழ நின்னு செய்யற வேலையா குடுங்க... அப்பிடிங்களா... கூலி எவ்வளவு கொறையும்?"

நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"வேணாங்க. மேலயே ஏறிக்கறேன்."

போக வேண்டாம் என்று சொல்ல மேகலாவுக்கு வாய் துடித்தது. சொன்னால், "அப்பறம் எப்பிடி?" என்று அவர் கேட்பார். அதற்குச் சொல்ல ஒரு தொகை வேண்டும். அது அவளிடம் இல்லை.