ஒன்று புள்ளி இரண்டு ஐந்து

திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் சிவில் இறுதியாண்டு படித்தபோது, திட்ட மேலாண்மைப் பாடத்துக்கு எங்கள் சார் ஒரு புராஜெக்ட் கொடுத்தார். உண்மையாக நடக்கும் ஒரு கட்டட வேலையைப் பிடித்து, எட்டு வாரம் எக்செல்லில் கணக்கு வைக்க வேண்டும். இரண்டு பேர் கொண்ட குழு. நானும் என் தோழியும் சேர்ந்தோம். அவள் திண்டிவனம், நான் விழுப்புரம்.

எங்கள் மாமாவுக்குத் தெரிந்த ஒருவர் கோலியனூர் பக்கம் வயலை ஒட்டி ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டிருந்தார். அவர் இருப்பது சென்னையில். கணக்கு வைத்துக்கொள்ளச் சம்மதித்தார், ஆனால் செலவு விவரத்தை மட்டும் காட்ட மாட்டேன் என்றுவிட்டார். சாரிடம் போய் நின்றோம்.

"பணம் வேணாம், ஆள்நாள்ல போடுங்க. ஒரு ஆள் ஒரு நாள் வேலை செஞ்சா ஒன்னு. ஃபார்முலாவுக்கு அது ரூபாயா ஆளான்னு தெரியாது" என்றார்.

அஸ்திவாரம் ஏற்கெனவே முடிந்திருந்தது. வீட்டுச் சுவர் நாற்பது வரி செங்கல், அதற்குப் பிறகு சுற்றுச்சுவர். ஒரு வரிக்கு இரண்டரை ஆள்நாள் ஆகும் என்று மேஸ்திரி சொன்னார். வீட்டுச் சுவருக்கு நூறு, சுற்றுச்சுவருக்கு அறுபது, மொத்தம் நூற்று அறுபது. மேஸ்திரி, ஒரு கொத்தனார், இரண்டு சித்தாள் என்று நான்கு பேர். வாரத்தில் ஐந்து நாள் இங்கே வேலை, சனிக்கிழமை அவர்களுக்கு வேறு இடம், ஞாயிறு விடுமுறை. ஆக வாரத்துக்கு இருபது ஆள்நாள், எட்டு வாரத்தில் முடிய வேண்டும்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஷீட்டைப் போட்டோம். மொத்தம் 160 என்பது B1 கட்டத்தில். அதன் கீழே வாரத்துக்கு ஒரு வரிசை. முதல் பத்தி, அந்த வாரம் வரை முடிந்திருக்க வேண்டிய வேலை: 20, 40, 60 என்று ஏறும். அடுத்தது, உண்மையில் முடிந்த வேலை: கட்டி முடித்த வரிகளை எண்ணி இரண்டரையால் பெருக்குவது. மூன்றாவது, அதற்குச் செலவான ஆள்நாள்: மேஸ்திரியின் வருகை நோட்டிலிருந்து. முடிந்ததைச் செலவானதால் வகுத்தால் CPI, செலவுத் திறன். முடிந்ததைத் திட்டமிட்டதால் வகுத்தால் SPI, வேலையின் வேகம். ஒன்றுக்கு மேல் வந்தால் நல்லது, குறைந்தால் கெட்டது. 160-ஐ CPI-யால் வகுத்தால் மொத்த வேலையும் எத்தனை ஆள்நாளில் முடியும் என்ற கணிப்பு வரும். ஃபார்முலாவைக் கீழே இழுத்தபோது எல்லாம் பிழை காட்டியது. B1 கட்டம் நகராமல் பூட்டும் டாலர் குறியைப் போட மறந்திருந்தேன்.

முதல் வார எண்ணைப் போட்டதும் வரைபடத்திலும் ஒரு தொல்லை. முடிந்த வேலையின் கோடு முதல் வாரத்துக்குப் பிறகு செங்குத்தாகப் பூஜ்யத்தில் விழுந்தது.

"இன்னும் வராத வாரத்தையெல்லாம் இது பூஜ்யமா எடுத்துக்குதுடி" என்றாள் தோழி. செலவுக் கட்டம் காலியாக இருந்தால் NA(), அதாவது மதிப்பே இல்லை, என்று வரும்படி IF போட்டாள். கோடு முதல் வாரத்தோடு நின்றது. மேலே CPI, SPI, கணிப்பு மூன்றும் பெரிய எழுத்தில். கீழே மூன்று கோடுகள். எங்கள் டாஷ்போர்டு அவ்வளவுதான்.

ஒவ்வொரு வெள்ளியும் மேஸ்திரி நோட்டைப் படம் எடுத்து அனுப்புவார். சனிக்கிழமை மதியம் நாங்கள் ஆளில்லாத அந்த இடத்துக்குப் போய் வரிகளை எண்ணுவோம். முதல் வாரம் ஒன்பது வரி, அதாவது 22.5. நோட்டில் பதினெட்டு ஆள்நாள்தான். ஒரு சித்தாளின் மாமியார் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் அவள் வாரத்தில் இரண்டு நாள் வரவில்லை. CPI 1.25. கணிப்பு 128.

இரண்டாம் வாரமும் ஒன்பது வரி, பதினெட்டு ஆள்நாள், 1.25. மூன்றாம் வாரமும் அதேதான்.

தோழி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மழ பெஞ்சுது. ரெண்டு நாள் செங்கல் லேட்டா வந்துச்சு. இந்த எண்ணு மட்டும் ஏன்டி அசைய மாட்டேங்குது?"

எனக்கு வேறொன்று உறுத்தியது. ஒன்றேகால் என்றால், முடிந்த வேலையில் ஐந்தில் ஒரு பங்குக்கு ஆளே இல்லை. நோட்டில் இருப்பவர்கள் செய்தது போக மீதியை யாரோ செய்திருக்க வேண்டும்.

நான்காம் வாரம் வெள்ளிக்கிழமை, வேலை நடக்கும்போதே போனேன். சுவரைக் கிட்டத்தில் பார்த்தேன். கரணையால் கலவையை வழித்த தடம் பெரும்பாலான வரிகளில் வலமிருந்து இடமாகச் சாய்ந்திருந்தது. முன் சுவரிலும் பின் சுவரிலும் நடுநடுவே சில வரிகளில் மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது.

"மேஸ்திரிண்ணா, இது யார் கட்டனது?"

அவர் தூக்குக் குண்டை இறக்கிக்கொண்டே, "அத வுட்டுடு பாப்பா" என்றார்.

"கணக்கு ஒதைக்குதுண்ணா. ஆள் கொறச்சலா இருக்கு, செவுரு ஜாஸ்தியா இருக்கு."

குண்டின் நூலைச் சுற்றி வைத்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "அஸ்திவாரம் போடும்போது என்கூட ஒரு கொத்தனாரு இருந்தான். இடது கைக்காரன். பைபாஸ்ல வண்டி மோதி போய்ட்டான். அப்பறம் திங்கக்கெழம வந்து பார்த்தா, வெள்ளிக்கெழம வுட்டதவிட செவுரு ஏறிக்கினு இருக்கு. நாங்க அந்தக் கல்லத் தொடறதில்ல. அது மேலயே கட்டிக்கினு போறோம்."

கலவை சுமந்து வந்த சித்தாள் அக்கா எங்களைப் பார்த்துவிட்டு, சட்டியைக் கொட்டிவிட்டுத் திரும்பிப் போனாள்.

"அவன் தங்கச்சிதான் அது. அதுங்கிட்ட எதுவும் கேக்காத" என்றார் மேஸ்திரி.

மறுநாள் அளந்தோம். முப்பத்தாறு வரி. முடிந்தது 90, திட்டம் 80, செலவு 72. அதே 1.25. அன்று கல்லூரி டேப்பை அங்கேயே மறந்துவிட்டு வந்தோம். திங்கட்கிழமை லேபில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதால், ஞாயிறு மத்தியானம் நான் மட்டும் ஸ்கூட்டியில் போனேன்.

வயலில் ஒரு ஆள் கிடையாது. வண்டியை அணைத்ததும் அந்தச் சத்தம் கேட்டது. கரணைக் காம்பால் செங்கல்லைத் தட்டும் சத்தம். இரண்டு தட்டு, ஒரு வழிப்பு, இரண்டு தட்டு. திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். சத்தம் நின்றது. அது நின்றது இன்னும் பயமாக இருந்தது.

சாரத்தின் மேல் அந்த அக்கா நின்றாள். இடது கையில் கரணை.

"மேஸ்திரி அனுப்பினாரா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. டேப்பு எடுக்க வந்தேன்."

அவள் மெதுவாக இறங்கி வந்து என் எதிரில் குந்தினாள். பதினேழு வருசமாகக் கலவை சுமக்கிறாளாம். பொம்பளை கரணை பிடித்தால் மேஸ்திரி ஒத்துக்கொள்ள மாட்டார். அண்ணன் மட்டும் யாரும் இல்லாதபோது கற்றுக்கொடுத்திருக்கிறான். "அவுங்க பயந்துகினு இருக்கட்டும்னுதான் வுட்டுட்டேன். பயம் இருந்தாத்தான் பிரிச்சிப் போட மாட்டாங்க."

நோட்டில் இல்லாத ஆள் கிடைத்துவிட்டாள். "கணக்குல உங்க நாளச் சேக்கணும்க்கா."

"பேரு எழுதாத. நாள மட்டும் எழுதிக்க. செவுரு ஆரம்பிக்கறதுக்கு மொத நாளுலேர்ந்து, ஞாயித்துக்கெழம மட்டுந்தான் வர்றேன். இன்னியோட அஞ்சு."

இன்றைய நாளை விட்டு, நான்கு வாரத்துக்கு நான்கு நாள் சேர்த்தால் செலவு 76. மனசுக்குள்ளேயே வகுத்துப் பார்த்தேன். 1.18. இன்னும் பதினான்கு ஆள்நாளுக்குக் கணக்கு வரவில்லை.

"வேற யாராச்சும் கூட வர்றாங்களாக்கா?"

"நான் ஒருத்திதான்."

"பின் செவுத்துலயும் நீங்கதானே?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நான் முன் செவுரு மட்டும்தான் வைக்கிறேன். பின்பக்கம் சாரமே கட்டலியே, நான் எப்பிடி ஏறுவேன்?"

இரண்டு பேரும் வீட்டைச் சுற்றிப் போனோம். பின் சுவரில், தலைக்கு மேலே மூன்று வரி. தடம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. அவள் எட்டி அதன் கீழ்வரியைத் தொட்டாள். கையை உடனே எடுத்துக்கொண்டாள். நான் டேப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஷீட்டில் "மற்றவை" என்று ஒரு பத்தி சேர்த்து, ஃபார்முலாவில் சேராமல் அவள் நாட்களைத் தனியாகப் போட்டேன். தோழியிடம் மட்டும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

அந்த ஞாயிறுக்குப் பிறகு அக்கா விடுமுறை நாளில் அங்கே போகவே இல்லை. மரக்காணத்தில் இருந்த தன் கூடப்பிறந்த அக்கா வீட்டுக்குப் போய்விடுவாளாம். வாரநாளில் வழக்கம்போல வேலைக்கு வந்தாள். அவளுடைய கடைசி ஞாயிறு ஐந்தாம் வாரக் கணக்கில் வந்துவிட்டது, எனவே ஆறாம் வாரம் எண் இறங்கும் என்று நம்பினேன். இறங்கவில்லை. அந்த வாரமும் 22.5 வேலை, பதினெட்டு ஆள்நாள். ஏழாம் வாரமும் அப்படியே. எட்டாம் வாரம் திங்கட்கிழமை நான்கு பேரும் அரை நாள் வேலை செய்ததில் சுற்றுச்சுவர் முடிந்தது. நோட்டில் இருந்ததைக் கூட்டினால் 128. முதல் வாரம் எக்செல் சொன்ன அதே எண்.

வைவாவில் சார் டாஷ்போர்டை வெகுநேரம் பார்த்தார்.

"இதுவரைக்கும் நடந்த மாதிரியே நடக்கும்னு நம்பி 128 போட்டிருக்க. நாலாம் வாரத்துல, மிச்சம் திட்டப்படி நடக்கும்னு வெச்சா 72-ஓட 70, 142 வந்திருக்கும். ஏன் அத எடுக்கல?"

"நிக்கும்னு எனக்குத் தோணல சார்."

"எது நிக்கும்னு?"

அவரே விளக்கம் சொன்னார். ஒரு வரிக்கு இரண்டரை என்று மேஸ்திரி தாராளமாகச் சொல்லியிருப்பார். இரண்டு என்று வைத்தால் CPI சரியாக ஒன்று வரும். எண் அசையாமல் நின்றதற்கு, நாங்கள் அளந்ததில் அலட்சியம் என்றார். அடிப்படைக் கணக்கு தவறு என்று எழுதி, நல்ல மதிப்பெண்ணும் போட்டார். அவர் சொன்னது நியாயம்தான். இன்று நானும் இந்த வேலையில்தான் இருக்கிறேன். ஒரு ஜூனியர் வந்து காட்டினால் நானும் அதைத்தான் சொல்வேன்.

சில மாதம் கழித்து விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அந்த அக்காவைப் பார்த்தேன். வேறு மேஸ்திரியிடம் சேர்ந்திருந்தாள். இப்போது கரணை பிடிக்க விடுகிறாராம், சுற்றுச்சுவருக்கு மட்டும். அவள் நின்ற பிறகும் சுவர் அதே வேகத்தில் ஏறியதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

"பின்பக்கம்தான்க்கா. அப்பறம் அந்தச் சுத்துச்செவுத்துல வேப்பமரத்துக் கிட்ட."

அவள் தலையை ஆட்டினாள். "அங்கதான் நெழலு இருக்கும். அவனுக்கு வெயிலு ஆவாது."

கோலியனூர் பஸ் வந்து நின்றது. பையைத் தூக்கிக்கொண்டு ஏறிப் போனாள்.